குயில் தின்கிற காயை நாமும் தின்னலாமா?

"குயிலே கொத்தித் திங்குது, விஷமா இருந்தா அது செத்திருக்காதா? தாராளமா திங்கலாம்."

கூடவே கூடாது. பெருந்துறைப் பக்கம் சாலையோரம் எடுத்த அந்தப் பச்சைக் காய்ப் படத்தைக் காட்டி டீக்கடையில் செந்தில் இப்படி வாதாட, முருகேசன் போனை வாங்கிப் பெரிதாக்கினான்.

"மாப்ளே, எலை ஒடிசலா நீளமா இருக்குது, காய்க்கு நடுவுல ஒரு மேடு ஓடுது, காம்பு ஒடிஞ்ச எடத்துல பால் நிக்குது பாரு. மஞ்ச அரளி இது."

"அப்பக் குயிலு?"

குயில் சதையைத்தான் தின்கிறது. உள்ளே இருக்கும் கெட்டிக் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்பதில்லை, இதயத்தைத் தாக்கும் தெவெட்டின் நஞ்சு அதிகம் இருப்பதோ அந்தப் பருப்பில்தான். அதற்காக நாம் சதையைச் சுவைத்துப் பார்க்கலாம் என்றில்லை, செடி முழுக்கவே நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

"சரி, தெரியாமத் தின்னுட்டா?"

முதலில் வாந்தி, தலைசுற்றல் வரும், அப்புறம் நாடித்துடிப்பு குறைந்து தாறுமாறாகும். சில மணி நேரம் கழித்தும் இது வரலாம் என்பதால், ஆள் நன்றாகத் தெரிந்தாலும் காத்திருக்காமல், மீதிக் காயையும் எடுத்துக்கொண்டு ஈசிஜி பார்க்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.