"6 மணி முன்" என்றால் எத்தனை மணி?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளி கையில் கொடுக்கும் தமிழ்த் தாள்களில் இந்த வரி அடிக்கடி வருகிறது: "அறுவை சிகிச்சைக்கு 6 மணி முன் உணவு தவிர்க்கவும்." எழுதியவர் நினைத்தது ஆறு மணி நேரம். வாசிப்பவருக்கு அது காலை 6 மணி. அதையும் ஒருவர் "ஆறு மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடணும்" என்று எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் "ஆறு வரைக்கும் சாப்பிடாம இருந்தா போதும்" என்று எடுத்துக்கொள்கிறார். ஆபரேஷன் 9 மணிக்கு என்றால் இரண்டு பேருமே வயிற்றில் இட்லியோடுதான் தியேட்டருக்குள் போவார்கள். இரண்டு பேரும் தாளில் உள்ளதை மீறவில்லை.

நம் பேச்சில் "மணி" என்ற ஒரே சொல் கடிகாரத்தில் காட்டும் நேரத்தையும் குறிக்கும், கழிந்துபோகும் நேரத்தையும் குறிக்கும். "நேரம்" என்ற சொல்லைச் சேர்த்தால்தான் இரண்டும் பிரியும். தாளில் இடம் போதாமல் முதலில் விட்டுப்போவது அந்தச் சொல்தான். "வரை" என்பதும் அப்படித்தான். "காலை 7 மணி வரை தண்ணீர் குடிக்கக் கூடாது" என்று எழுதினால் 7 மணிக்கு மேல் குடிக்கலாம் என்று ஆகிவிடும். எழுத நினைத்ததோ நேர்மாறானது.

எல்லாவற்றையும் விட மோசமானது "இரவு 12 மணிக்கு மேல்". வியாழக்கிழமை ஆபரேஷன் என்றால் எந்த ராத்திரி 12? கடிகாரக் கணக்கில் நள்ளிரவோடு நாள் மாறுகிறது. நம் வீட்டுக் கணக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள். நம் குமரி மாவட்டத்தில் குளச்சலிலோ முட்டத்திலோ விடியுமுன் 2 மணிக்குக் கடலுக்குப் போகிறவர், அந்த நேரத்தை "புதன் ராத்திரி" என்றுதான் சொல்வார். அதனால் 12 என்ற எண்ணையே தாளில் வைக்காதீர்கள். "புதன்கிழமை இரவு 10 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்" என்றால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

என் கருத்து இதுதான்: நோயாளியிடம் கழித்தல் கணக்கைக் கொடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது மருத்துவமனைக்குள் இருக்கட்டும். தாளில் கிழமை, தேதி, பொழுது, கடிகார மணி மட்டும் இருக்கட்டும். "தியேட்டர் லிஸ்ட் மாறுமே, எப்படி முன்கூட்டியே மணி எழுதுவது" என்று கேட்பார்கள். அன்றைய லிஸ்டில் அவரை மிகச் சீக்கிரமாக எப்போது எடுக்க முடியுமோ, அந்த மணியிலிருந்து கழித்து எழுத வேண்டும். கழிக்க வேண்டியது மயக்கம் கொடுக்கும் நேரத்திலிருந்து. கத்தி வைக்கும் நேரமும் வார்டுக்கு வரச் சொன்ன நேரமும் இந்தக் கணக்குக்கு உதவாது.

கணக்கு என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயக்கம் கொடுத்தால் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கினால் புளிப்பு நீர் நுரையீரலைப் புண்ணாக்கும், கட்டியான உணவு மூச்சையே அடைக்கும். முதுகில் ஊசி போட்டுச் செய்வதற்கும் இதே பட்டினிதான், ஏனென்றால் அது போதாமல் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம். பெரியவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் அளவு இது: தெளிந்த நீர் 2 மணி நேரம், லேசான உணவும் பாலும் 6 மணி நேரம், எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்தது 8 மணி நேரம் அல்லது அதற்கும் மேல். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் 4 மணி நேரம். குழந்தைகளுக்குத் தண்ணீர் நேரத்தை இன்னும் குறைத்த மருத்துவமனைகளும் உண்டு. அங்கே அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

"லேசான உணவு" என்ற சொல்லை நோயாளியின் தாளில் போடவே கூடாது என்பேன். புட்டும் பயறும் நம் ஊரில் லேசான காலை உணவு. மரச்சீனியும் மீன் குழம்பும் பலருக்கு அன்றாடச் சாப்பாடு. தேங்காய் அரைக்காத குழம்பு நம் அடுக்களையில் அபூர்வம். எது 6, எது 8 என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் பிரிக்க முடியாது. அதனால் எல்லா உணவுக்கும் ஒரே மணி போதும், நீளமானதையே வைத்துக்கொள்ளலாம்.

"தெளிந்த திரவம்" என்ற மொழிபெயர்ப்புக்கு இன்னும் கவனம் வேண்டும். ரசம் தெளிந்து நின்றால் தெளிவு. மோர் தெளிந்தாலும் தெளிவு. வடித்த கஞ்சித்தண்ணியை மேற்குப் பக்கம் கஞ்சிவெள்ளம் என்பார்கள், பேரிலேயே வெள்ளம் இருக்கிறது. இவை ஒன்றும் இந்தக் கணக்கில் சேராது. பொருளைப் பேர் சொல்லி எழுதுவதே வழி: "குடிக்கலாம்: வெறும் தண்ணீர், பால் சேர்க்காத கட்டன்சாயா. குடிக்கக் கூடாது: பால்சாயா, பால் காப்பி, ஹார்லிக்ஸ், மோர், ரசம், கஞ்சித்தண்ணி, பழச்சாறு." வெறுமனே "சாயா" என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டன்சாயாவுக்கு 2 மணி நேரம், பால்சாயாவுக்கு 6. பால் வயிற்றில் போய்த் திரிந்து கட்டியாகிவிடும், அதனால்தான் அதை உணவோடு சேர்க்கிறோம். இளநீர், அக்கானி இரண்டையும் நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். மயக்க மருத்துவரிடம் கேட்டு, கூடும் கூடாது என்று ஒன்றை அச்சிலேயே போட்டுவிடுங்கள்.

இனி மாத்திரை. ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். 58 வயது அம்மா, பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், வியாழன் காலை 9 மணிக்கு மயக்கம் கொடுப்பார்கள், லிஸ்டில் முதல் ஆள். காலையில் பிரஷருக்கு அம்லோடிபின். சுகருக்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, அதோடு காலையில் டாபாகிளிஃப்ளோசின் ஒன்று. இவருக்கு "சுகர் மாத்திரை நிறுத்தவும், பிரஷர் மாத்திரை போடவும்" என்று எழுதினால் மூன்று இடத்தில் பிசகும்.

முதல் பிசகு, "நிறுத்தவும்". நம் காதில் அது இனிமேல் வேண்டாம் என்றே விழும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழிந்தும் மாத்திரை டப்பா திறக்காமல் இருக்கும். "வியாழன் காலை மட்டும் போட வேண்டாம். மறுபடி எப்போது தொடங்குவது என்று வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தருவோம்" என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது, நாள் கணக்கு. டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைக் குறைந்தது 3 நாள் முன்பே விட வேண்டும். பட்டினியில் அதைப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை அளவாகத் தெரியும்போதே உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும், குளுக்கோமீட்டர் அதைக் காட்டிக் கொடுக்காது. "3 நாள் முன்பு நிறுத்தவும்" என்றால் நம்மில் பலர் ஆபரேஷன் நாளையும் சேர்த்து எண்ணுவோம்: வியாழன், புதன், செவ்வாய். திங்கள் காலை மாத்திரை உள்ளே போய்விடும், நடுவில் கிடைப்பது இரண்டு முழு நாள்தான். எண்ண விடாமல் எழுதுவது இப்படி: "இந்த மாத்திரை கடைசியாக: ஞாயிறு காலை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வேண்டாம்." ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைக்கும் இதே முறைதான். ஆனால் அதை விடுவதா வேண்டாமா, எந்த நாளில் விடுவது என்பதை இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பவர் ஒரு நாளும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்த அம்மா பிரஷர் மாத்திரையைச் சரியாகப் போடுவார், கூடவே இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடுவார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பாடம். அவர் கணக்கில் அது சாப்பாடே இல்லை, மாத்திரைக்குத் துணை. வார்டில் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்ல மக்களே, வெறும் வயிறுதான்" என்பார், அது பொய்யும் இல்லை. ஆகவே தாளில் இந்த வரி வேண்டும்: "இந்த ஒரு மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாம். பிஸ்கட், பழம், ரஸ்க் எதுவும் கூடாது." தண்ணீரின் அளவையும் சொல்லிவிடுங்கள். "சிறிதளவு" என்பது ஒருவருக்கு ஒரு மடக்கு, இன்னொருவருக்கு ஒரு செம்பு. "இரண்டு மடக்கு" என்றால் போதும்.

ஆக, அந்த அம்மாவுக்கான தாள் இப்படி இருக்கும்:

டாபாகிளிஃப்ளோசின் கடைசியாக: ஞாயிறு காலை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வேண்டாம்.
புதன் இரவு 10 மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இரவு சுகர் மாத்திரை சாப்பாட்டோடு, வழக்கம்போல.
10 மணிக்கு மேல் உணவு, பால், பால்சாயா கூடாது.
வியாழன் காலை 6 மணி: அம்லோடிபின் 1, வெறும் வயிற்றில், இரண்டு மடக்குத் தண்ணீரோடு. பிஸ்கட், பழம், ரஸ்க் எதுவும் கூடாது.
வியாழன் காலை 7 மணியோடு தண்ணீரும் கட்டன்சாயாவும் முடிந்தது. அதன்பின் எதுவும் கூடாது.
வியாழன் காலை சுகர் மாத்திரை வேண்டாம்.

இதில் வரும் மாத்திரை முடிவுகள் அவருக்கு அவருடைய மருத்துவர் சொன்னவை. வேறு ஆளுக்குப் படியெடுக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் எத்தனை யூனிட் என்பதை மருத்துவரே கைப்பட எழுத வேண்டும்.

இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். சுகர்க்காரருக்கு ராத்திரியோ காலையிலோ வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் "எதுவும் கூடாது" என்ற தாளைப் பார்த்துக்கொண்டே பயந்து உட்கார்ந்திருப்பார். "அரை கிளாஸ் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, குடித்த மணியை இந்த எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். தெரியாமல் எதையாவது சாப்பிட்டவருக்கும் அதே எண்தான். "சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம், யாரும் கோபிக்க மாட்டோம்" என்பதும் தாளில் இருக்கட்டும். லீவு போட்டு, வண்டி பிடித்து, கூட நிற்க ஆளும் ஏற்பாடு செய்து வந்தவர்கள் ஒரு பழத்துக்காகத் திரும்பிப் போக மனமில்லாமல் மறைப்பார்கள்.

தாளைக் கொடுத்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "ம்" என்றுதான் பதில் வரும். "நாளைக்குக் கடைசியா எத்தன மணிக்கு வெள்ளம் குடிப்பீங்க? எந்த மாத்திரைய விடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். பட்டையைக் கையில் எடுத்துக் காட்டட்டும். இதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. காலையில் அடுப்பு பற்றவைப்பவர் யாரோ, அவரிடமும் கேளுங்கள்.

கடைசியாக, நேரம் மாறினால் தாளும் மாற வேண்டும். 9 மணி ஆபரேஷன் உச்சைக்கு 1 மணிக்குத் தள்ளிப்போனது என்று தியேட்டருக்குத் தெரியும், வார்டுக்கும் தெரியும். அந்த அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை. 7 மணிக்குத் தண்ணீரை விட்டவர் ஆறு மணி நேரம் நாக்கு வறண்டு படுத்திருப்பார். மயக்க மருத்துவரைக் கேட்டு, நர்ஸ் அந்த "7"ஐ அடித்து "11" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்காக அந்த வரிக்குப் பக்கத்தில் "மாற்றிய நேரம்" என்று ஒரு கட்டத்தை அச்சிலேயே விட்டுவையுங்கள்.