ஓடும் பஸ்ஸில் எந்த விபிஎன்?

வன்னிக்குள் ஓடித் திரியும் போனுக்கு வயர்கார்ட்தான். ஓப்பன்விபிஎன் கெட்டது என்று சொல்ல வரவில்லை, அது ஓரிடத்தில் இருந்து வேலை செய்யும் ஆக்களுக்கு நல்லது. பரந்தனில் ஏறி முல்லைத்தீவு போகிற பஸ்ஸில் இருந்துகொண்டு அலுவலக சேர்வரில் வேலை பார்ப்பவருக்கு அது சரிவராது.

காரணம் வேகம் அல்ல. விசுவமடு தாண்டி எங்கேயோ சிக்னல் செத்து, ஒன்றரை நிமிடம் கழித்து திரும்ப வருகிறது என்று வையுங்கள். போனுக்கு இப்போது புது ஐபி. சேர்வரில் `keepalive 10 60` என்று போட்டிருந்தால் 60 விநாடி ஒன்றும் வராததால் போனில் உள்ள ஓப்பன்விபிஎன் பழைய இணைப்பை ஏற்கெனவே கைவிட்டிருக்கும். இனி டிஎல்எஸ் கைகுலுக்கல், சான்றிதழ், செட்டிங்ஸ் எல்லாம் முதலில் இருந்து. ஒவ்வொன்றுக்கும் சேர்வருக்குப் போய் வர வேண்டும், அந்த சிக்னலில் ஒரு தரம் போய் வரவே ஒரு விநாடி பிடித்தால் அது முடிவதற்குள் பஸ் அடுத்த சிக்னல் இல்லாத துண்டுக்குள் போய்விடக்கூடும். வயர்கார்டில் இணைப்பு என்று ஒன்றே கிடையாது, சாவி மட்டும்தான். சாவி 3 நிமிடத்துக்குள் போட்டதாக இருந்தால் அப்படியே பக்கற்றை அனுப்பும், புது ஐபியில் இருந்து வந்தாலும் சாவி சரியென்றால் சேர்வர் பதிலை அங்கேயே திருப்பிவிடும். சாவி பழசாகிவிட்டால் ஒரே ஒரு தரம் போய் வந்தால் போதும்.

ஓப்பன்விபிஎன்தான் வேண்டும் என்றால் யுடிபியில் போடுங்கள். டிசிபியில் போட்டால் உள்ளே ஓடுகிற டிசிபியும் வெளியே உள்ளதும் தொலைந்த பக்கற்றுக்காக இரண்டும் மாறிமாறித் திரும்ப அனுப்பி, சிக்னல் வந்த பிறகும் போன் திணறிக்கொண்டே கிடக்கும்.

வயர்கார்டில் எரிச்சலான விஷயம், ஒன்றும் போகாவிட்டாலும் மேலே சாவிப் படம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அதை நம்பாதீர்கள். ஆப்பைத் திறந்து வந்த டேட்டா, போன டேட்டா இரண்டையும் பாருங்கள். போனது மட்டும் ஏறி, வந்தது அசையாமல் நின்றால் குழாய் அடைத்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. சும்மா வைத்த போனுக்கு மெசேஜ் வராமல், திரையைத் தொட்டதும் கொத்தாக விழுகிறதா? இடையில் ஐபியை மாற்றிவிடும் நாட் உங்கள் யுடிபி வழியை மறந்துவிட்டது. போனில் உள்ள வயர்கார்ட் செட்டிங்ஸில், ஏற்கெனவே இருக்கும் [Peer] பகுதிக்குள் இந்த வரியைப் போடுங்கள்:

```
[Peer]
PersistentKeepalive = 25
```

25 விநாடிக்கு ஒரு தரம் போனை எழுப்புவதால் பற்றரி கொஞ்சம் குறையும். மெசேஜ் பிந்தினால் பரவாயில்லை என்பவர்கள் போடத் தேவையில்லை, மற்றதெல்லாம் அது இல்லாமலே ஓடும்.

ஓப்பன்விபிஎன்னை அழித்துவிடாதீர்கள். வயர்கார்டுக்கு யுடிபி மட்டும்தான் தெரியும், சில விடுதி, அலுவலக வைபைகளில் அதை அடைத்துவைத்திருப்பார்கள். அங்கே டிசிபி 443இல் ஒரு ஓப்பன்விபிஎன் புரொபைல் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம்.