ஐந்து பேர் முன்னால் கைகூப்பி நின்ற குரு

சீக்கியர்களுக்குப் பத்து குருக்கள், அப்புறம் புத்தகமே குரு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு வந்துவிட்டோம். 1708-இல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங் உயிர் பிரியும் முன், இனி மனிதர் யாரும் குரு இல்லை, கிரந்தம்தான் குரு என்று அறிவித்ததாக மரபு. ஆனால் எனக்கென்னவோ அதில் பாதி வேலை ஒன்பது வருடம் முன்பே முடிந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

1699 வைசாகித் திருநாள், பஞ்சாபில் ஆனந்த்பூர். தலை கொடுக்க யார் தயார் என்று குரு கேட்க, ஐந்து பேர் முன்வருகிறார்கள். அதில் ஒருவர் நாவிதர், ஒருவர் தண்ணீர் சுமப்பவர். இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரும் சர்க்கரைப் பதாசும் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி அவர்களுக்குக் கொடுக்கிறார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்து நடந்ததைத்தான் நாம் சட்டென்று தாண்டிப் போகிறோம்: அதே ஐவர் முன்னால் குரு கைகூப்பி நின்று, எனக்கும் கொடுங்கள் என்று வாங்கிக் குடிக்கிறார்.

இதோடு மசந்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் ஊராகக் காணிக்கை வசூலித்துக் குருவுக்கு அனுப்பிய பிரதிநிதிகள் இவர்கள். நாளடைவில் பணத்தை அமுக்கிக்கொண்டு, தாங்களே குட்டி குருக்கள் மாதிரி நடக்க ஆரம்பித்தார்கள். கோவிந்த் சிங் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். அந்த ஐவரோடு தொடங்கிய சீக்கியச் சமூகத்துக்கு அவர் வைத்த 'கால்ஸா' என்ற பெயரே முகலாய வருவாய்த்துறைச் சொல்தான், இடையில் ஜாகிர்தார் இல்லாமல் அரசருக்கு நேரடியாகச் சேர்ந்த நிலம். இங்கே நிலத்துக்குப் பதில் மக்கள்.

சரி, புத்தகம் எப்படி உத்தரவு போடும்? அதற்கு ஒரு முறை இருக்கிறது. கிரந்தத்தைத் தோராயமாகத் திறப்பார்கள், இடப் பக்கத்தின் மேலே உள்ள பாடல்தான் அன்றைய ஹுக்கம். அந்தப் பாடல் முந்தைய பக்கத்தில் ஆரம்பித்திருந்தால் ஒரு தாளைத் திருப்பி முதலிலிருந்து வாசிப்பார்கள். தனி மனிதனுக்கு அது போதும். ஆனால் எந்தக் கோட்டையைத் தாக்குவது, எவனோடு சமாதானம் பேசுவது என்பதற்கெல்லாம் பாடலில் விடை கிடைக்காதே. அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டில் வைசாகிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் அகால் தக்த் என்ற சீக்கிய அதிகார பீடத்தின் முன்னால், சண்டைக்காரப் படைத்தலைவர்கள் எல்லாம் கிரந்தத்தைச் சாட்சியாக வைத்து உட்கார்ந்தார்கள். அங்கே எடுத்த முடிவுக்கு குர்மதா என்று பெயர். ஐவர் அன்று பெற்ற அதிகாரம் சபைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதில் ஓட்டையும் உண்டு. சபை என்றால் யார்? அந்தத் தலைவர்களில் ஒருவரான ரஞ்சித் சிங் மகாராஜா ஆனதும், 1805-க்குப் பிறகு அரசியல் குர்மதா நின்றே போனது. பிறகு குருத்வாராக்களை அவற்றை நிர்வகித்த மகந்துகள் சொந்தச் சொத்துபோல அனுபவித்தார்கள், அதாவது மசந்து கதை மறுபடியும். அவர்களிடமிருந்து மீட்க நடந்த போராட்டத்தில் நிறைய ரத்தம் சிந்தித்தான் 1925 குருத்வாரா சட்டம் வந்தது, குருத்வாராக்களின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தலும் வந்தது, பெண்களுக்கும் ஓட்டோடு.

அந்தக் குழுவுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் என்பது கணக்கு. 2011-இல் நடந்தது, அதன் பிறகு பத்து வருடம் தாண்டியும் அடுத்தது நடக்கவில்லை.