‘stop’ இருக்கிறதா? தூக்கு அந்த ஆளை!

எங்கள் வாடிக்கையாளர் அறிவிப்பு மெயில்களுக்கு வரும் பதில்கள் அத்தனைக்கும் தீர்ப்பு எழுதுவது இந்த நான்கு வரிதான். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

```
if "stop" in body.lower():
    if "mailer-daemon" in sender.lower():
        sender = first_address(body)
    remove(sender)
```

மெயிலில் எங்கேயாவது stop என்ற எழுத்துகள் இருந்தால் அனுப்பியவரை லிஸ்டிலிருந்து நீக்கு. அனுப்பியது மெயில் சர்வர் என்றால், உள்ளே முதலில் கண்ணில் படும் முகவரியை நீக்கு. எழுதிய புண்ணியவான் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்றதற்கு வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நாங்கள்.

இதிலுள்ள கூத்து என்னவென்றால், நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் ‘இவை வேண்டாமெனில் STOP என்று பதில் அனுப்பவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. யாராவது பதில் எழுதினால் அவருடைய மெயில் செயலி நம் மெயிலையும் கீழே மேற்கோளாக ஒட்டி அனுப்பும். ஆக, பதில் எழுதிய எல்லோருடைய மெயிலிலும் stop இருக்கும்! ‘ரசீது கிடைத்தது, நன்றி’ என்று எழுதினால் நீக்கம். ‘என் சேவை இரண்டு நாளாக வேலை செய்யவில்லை, என்னவென்று பாருங்கள்’ என்றாலும் நீக்கம். மனிதர் உதவி கேட்கிறார், நாம் அவரைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு, ‘உங்கள் விருப்பப்படி விலக்கப்பட்டீர்கள்’ என்று மெயில் வேறு அனுப்புகிறோம். விடுமுறையில் இருப்பவரின் தானியங்கிப் பதில் நம் மெயிலை மேற்கோள் காட்டினால் அவரும் காலி. அவர் வாயே திறக்கவில்லை.

இப்படி நீக்கப்பட்ட ஒரு பெண்மணிக்குப் பணம் கட்டும் நினைவூட்டல் போகவில்லை. தவணை தாண்டியது, சேவை துண்டிக்கப்பட்டது. ‘நான் எப்போது வேண்டாம் என்றேன்?’ என்று கேட்டார். பதிவைத் தேடினால், கடைசியாக அவர் அனுப்பியது முகவரி மாற்றம் பற்றிய ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை என்பது கூடுதல் சிறப்பு.

சரி, உண்மையாகவே நிறுத்தச் சொன்னவர்களாவது தப்பித்தார்களா? அதுவும் இல்லை. ஒருவர் தெளிவாக ‘தயவுசெய்து நிறுத்துங்கள்’ என்று எழுதினார், மேற்கோளில் stop இருந்ததால் ஸ்கிரிப்ட் அதைப் பிடித்தும்விட்டது. ஆனால் அவர் நம்மிடம் கொடுத்திருந்தது அலுவலக முகவரி. அதற்கு வருவதையெல்லாம் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தார், பதிலும் அங்கிருந்தே வந்தது. ஸ்கிரிப்ட் அந்தச் சொந்த முகவரியை லிஸ்டில் தேடியது, கிடைக்கவில்லை, பேசாமல் அடுத்த மெயிலுக்குப் போய்விட்டது. கிடைக்கவில்லை என்று யாருக்காவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மனிதர் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். கடைசியில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பெருமளவில் மெயில் அனுப்புகிறவர்களின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கேட்கிறது. அதை மீறினால் மற்ற வாடிக்கையாளர்களுக்குப் போகும் ரசீதும் ஸ்பேம் பெட்டிக்குள் விழக்கூடும்.

இன்னொரு கொடுமை அந்த remove(). அது வாடிக்கையாளரின் வரிசையை லிஸ்டிலிருந்து அழிக்கிறது, அவ்வளவுதான். இரவு வாடிக்கையாளர் தரவுத்தளத்திலிருந்து லிஸ்ட் புதுப்பிக்கப்படும்போது, அழிக்கப்பட்டவர்களில் சிலர் காலையில் உயிர்த்தெழுந்து நிற்கிறார்கள். வேண்டாம் என்றவரின் பெயரை அழித்தால், அவர் வேண்டாம் என்று சொன்ன தகவலும் சேர்ந்தே அழிகிறதே! அதைத் தனி அட்டவணையில், எந்த வகை அறிவிப்பு, எந்தத் தேதி, எந்த மெயிலால் என்று எழுதிவைத்து, ஒவ்வொரு மெயிலும் கிளம்பும் கணத்தில் பார்க்க வேண்டும். லிஸ்ட் தயாரிக்கும்போது பார்த்தால் போதாது. தயாரித்ததற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஒருவர் stop சொல்லிவிடலாம்.

அப்புறம் திரும்பி வரும் மெயில்கள். நாங்கள் பவுன்ஸ் என்போம். அதுவும் இதே இன்பாக்ஸுக்கு வருகிறது, அதிலும் நம் மெயில் ஒட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அதிலும் stop இருக்கிறது. மெயில் போய்ச் சேராததையே வாடிக்கையாளரின் விருப்பமாக எடுத்துக்கொள்கிறோம்! போன வாரம் வந்த ஒன்றைப் பாருங்கள், முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
Final-Recipient: rfc822; v1842@example.com
Action: delayed
Status: 4.2.2
Diagnostic-Code: smtp; 452 4.2.2 Mailbox full
```

இதை வாசிக்க மேதாவியாக இருக்க வேண்டியதில்லை. இந்த வடிவத்தை ஆர்.எஃப்.சி 3464 என்ற ஆவணம் 2003-லேயே வரையறுத்துவிட்டது. Action: delayed என்றால் இன்னும் தோற்கவில்லை, தாமதமாகிறது, சர்வர் தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். Status 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், 5-இல் தொடங்கினால் நிரந்தரமானது. 4.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. நாளைக்கே அவர் பழைய மெயில்களை அழித்தால் நம்முடையது போய்ச் சேரும். எங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்தது? உள்ளேயிருந்த முகவரியைப் பிடுங்கி ஆளை நீக்கியது. கையோடு ‘விலக்கப்பட்டீர்கள்’ மெயிலையும் அனுப்பியது, அதே நிரம்பிய பெட்டிக்கு. அதுவும் திரும்பி வந்தது. அதிலும் stop இருந்தது!

உருப்படியாகச் செய்வதென்றால் முதலில் Action: failed ஆனவற்றை மட்டும்தான் தோல்வியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அதில் 5.1.1, அதாவது அப்படியொரு பெட்டியே இல்லை என்று வந்தால், அந்த முகவரிக்கு உடனே நிறுத்தலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. failed என்று போட்டு Status மட்டும் 4-இல் தொடங்கி வருவதும் உண்டு. சர்வர் நான்கைந்து நாள் முயன்று கைவிட்டது என்று பொருள். அந்த ஒன்றை வைத்து ஆளை நீக்கக் கூடாது. வெவ்வேறு நாளில் அனுப்பியவை தொடர்ந்து இப்படித் திரும்பினால் அந்த முகவரிக்கு அனுப்புவதை இடைநிறுத்தி, வேறு வழியில் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். 5.7.1 வந்தால் கதையே வேறு. பெரும்பாலும் பெறும் சர்வரின் கொள்கை நம் மெயிலை மறுத்திருக்கிறது. குறை நம் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம், வாடிக்கையாளர் என்ன பாவம் செய்தார்? ஒரு முறை எங்கள் சர்வர் அமைப்பு ஏதோ கெட்டு, ஒரே நாளில் கொத்துக்கொத்தாக 5.7.1 வந்தது. அத்தனை பேரையும் நீக்கிவிட்டு, ‘இன்று நிறையப் பேர் விலகியிருக்கிறார்கள்’ என்று அறிக்கை போனது. நம்புங்கள், அதைப் பற்றி ஒரு கூட்டமே நடந்தது. வாடிக்கையாளர் மனநிலை மாறிவருகிறதாம்.

யார் பதில் சொன்னார், யாருடையது திரும்பியது என்று கண்டுபிடிப்பதற்கும் பழைய, தேறிய வழி இருக்கிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் தனி டோக்கன் வைத்து, திரும்பும் முகவரியையும் பதில் முகவரியையும் பிரித்துவிட வேண்டும்.

```
Return-Path: <bounce+k7m2q@example.com>
Reply-To: reply+k7m2q@example.com
```

பவுன்ஸ் முதல் முகவரிக்கு வரும், மனிதர் எழுதும் பதில் இரண்டாவதற்கு வரும். வாடிக்கையாளர் எந்த முகவரியிலிருந்து எழுதினாலும் k7m2q யாருக்குப் போனது என்பது நம் பதிவில் இருக்கும். மேலே சொன்ன அலுவலக முகவரிக்காரரின் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. டோக்கன் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். வரிசை எண்ணைப் போட்டால் எவனாவது எண்ணை மாற்றி மாற்றி எல்லோரையும் விலக்கிவிடுவான்.

இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒருவர், ‘அப்படியானால் bounce முகவரிக்கு வருவதெல்லாம் பவுன்ஸ்தானே, சுலபம்’ என்றார். இல்லை ஐயா! விடுமுறைப் பதில்கள் Return-Path முகவரிக்குத்தான் போக வேண்டும் என்பதே விதி. ஆகவே அவையும் அங்கேதான் வந்து விழும். Content-Type-இல் multipart/report, கூடவே delivery-status இருக்கிறதா என்று பார்த்த பிறகே பவுன்ஸாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் Auto-Submitted: auto-replied என்று மட்டும் தலைப்பில் இருந்தால் அது தானியங்கிப் பதில், தொடாமல் விட்டுவிட வேண்டும். பழைய சர்வர்கள் இந்த ஒழுங்கையெல்லாம் மதிக்காமல் வெறும் உரையாகவே பவுன்ஸ் அனுப்பும். அவற்றை ஒரு மனிதர் பார்க்கத்தான் வேண்டும்.

மனிதரின் பதிலில் மேற்கோளை வெட்டிவிட்டு, மேலே அவர் எழுதியதை மட்டும் பார்க்க வேண்டும். மிஞ்சுவது stop, ‘வேண்டாம்’, ‘நிறுத்துங்கள்’ போன்ற ஒரு சொல் மட்டும் என்றால் தானாகவே நிறுத்தலாம். அதைவிட நீளமாக எதுவாக இருந்தாலும் ஆதரவுக் குழுவுக்கு அனுப்புங்கள். ‘விளம்பரம் வேண்டாம், ரசீது மட்டும் போதும்’ என்று எழுதுகிறவர்களை எந்த if வரியும் புரிந்துகொள்ளாது. ‘எத்தனை மெயிலை மனிதர் படிப்பார்?’ என்று மேலிடம் கேட்கிறது. பவுன்ஸையும் விடுமுறைப் பதிலையும் பிரித்துவிட்டு, ஆர்.எஃப்.சி 8058 சொல்லும் ஒரே சொடுக்கு விலகலையும் தலைப்பில் வைத்துவிட்டால், மிஞ்சுவது கொஞ்சம்தான். எங்கள் இன்பாக்ஸில் ஒரு நாள் குவியலைக் கையால் பிரித்துப் பார்த்தேன். பெரும்பகுதி இயந்திரங்கள் அனுப்பியதுதான்.

இதற்கெல்லாம் கிடைத்த பதில், ‘அடுத்த காலாண்டில் பார்ப்போம்.’ சரி, பாருங்கள். அதுவரை அந்த நான்கு வரியையாவது முடக்கிவையுங்கள், வந்ததையெல்லாம் ஆதரவுக் குழு பார்க்கட்டும். அநியாயமாக நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கும் வேலையை இன்றைக்கே தொடங்கலாம், ஏனென்றால் பழைய மெயில்கள் எதுவும் அழியவில்லை. இயந்திரம் அனுப்பியதை வைத்து நீக்கியவர்களில் 5.1.1 தவிர மற்றவர்களைத் திரும்பச் சேர்க்கலாம். சொந்த எழுத்தில் நிறுத்தச் சொன்னவர்களின் பெயர்களைத் தனி அட்டவணைக்கு முதலில் மாற்றிவிட்டு அதைச் செய்யுங்கள். ஆர்வக்கோளாறில் அவர்களையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டால், அடுத்த குமுறல் பதிவை அவர்களே எழுதுவார்கள்.