தூதரகச் சான்றிதழ் எதுவரை செல்லும்?

"வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் கவலை வேண்டாம். இந்தியத் தூதரகம் எமர்ஜென்சி சர்டிபிகேட் தரும், செலவுக்குப் பணமும் தரும். பயணத்தைத் தொடரலாம்."

இது தவறு. அந்தச் சான்றிதழ் இந்தியா திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே. கோலாலம்பூரில் பாஸ்போர்ட்டையும் பர்ஸையும் இழந்த ஒருவர், அதைக்கொண்டு அடுத்து சிங்கப்பூர் செல்ல முடியாது. சிங்கப்பூர்தான் போக வேண்டுமென்றால் புதிய பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, வங்கியை அழைத்துக் கார்டுகளை முடக்குவது. அடுத்து உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் அளித்து நகல் வாங்குவது. தூதரகம் அதைக் கேட்கும். பழைய பாஸ்போர்ட்டின் நகலும் புகைப்படங்களும் இருந்தால் வேலை எளிது.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். நாட்டுக்குள் நுழைந்த முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. ஆகவே சான்றிதழ் கிடைத்ததும் மலேசியக் குடிநுழைவுத் துறையிடம் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். அதற்குப் பிறகு விமானத் தேதியை உறுதி செய்யுங்கள்.

கேட்டவுடன் தூதரகம் பணம் தராது. தூதரகம் உதவி செய்யப் பயன்படுத்தும் இந்திய சமூக நல நிதி, உண்மையில் வழியற்றவர்களுக்கானது. வீட்டார் பணம் அனுப்பினாலும், அதை வாங்க அடையாள ஆவணம் தேவைப்படும். உடன் வந்தவரின் பெயருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பின்னர் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள், அது ரத்தாகியிருக்கும்.