பிழை திருத்தியது எது, எழுதிக் கொடுத்தது எது

எண்ணூர், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கிற சிலர் சேர்ந்து ஒரு சின்ன இதழ் நடத்துகிறோம். அதற்கு வருகிற கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. இப்போதெல்லாம் கட்டுரையோடு ஒரு வரியும் சேர்ந்து வருகிறது: “பிழை மட்டும் திருத்திக்கிட்டேன்.” சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. செயலியில் அவர்கள் தட்டிய பொத்தானில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒரே பொத்தான் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது. எது எங்கே முடிகிறது என்று பேசியாக வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

முதலில் பிழைதிருத்தி. ‘வலையை போட்டோம்’ என்று எழுதினால் ‘வலையைப் போட்டோம்’ என்று காட்டும். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் பின்னால் வல்லினம் மிகும், அவ்வளவுதான் காரணம். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி, வாணி மாதிரியான கருவிகள் செய்வது இந்த வகை வேலை. ஒரு இடத்தைக் காட்டும், ஒரு மாற்றம் சொல்லும், ஏற்பதும் விடுவதும் நம் கையில். அதற்கும் எல்லை உண்டு. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேல் போய்விட்டது. எழுதியவர் எதைச் சொல்ல வந்தார் என்று விதிக்குத் தெரியாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாற்றி எழுதும் கருவி. பலர் இதைப் பிழைதிருத்தியின் அண்ணன் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிழைதிருத்தி உங்கள் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு எழுத்தையோ விகுதியையோ தொடுகிறது. மாற்றி எழுதும் கருவி உங்கள் வாக்கியத்தைப் படித்துவிட்டு, முதல் சொல்லிலிருந்து புதிதாக ஒரு வாக்கியம் எழுதுகிறது. அடுத்து எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் அது எழுதுகிறது. முழுக் கட்டுரையை எழுதித் தரும் இயந்திரமும் இதே முறையில்தான் எழுதுகிறது. ஒன்றுக்கு முன்னால் உங்கள் வாக்கியம் இருக்கிறது, இன்னொன்றுக்கு முன்னால் தலைப்பு மட்டும் இருக்கிறது. அதனால் பெரிய கோட்டை நான் பிழைதிருத்திக்கும் மாற்றி எழுதுவதற்கும் நடுவில் போடுகிறேன். மாற்றி எழுதுவதற்கும் முழுசாக எழுதித் தருவதற்கும் நடுவில் இருப்பது கூடக்குறைய என்கிற வித்தியாசம்தான்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி எங்கள் பகுதிக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதினார். கையெழுத்தில் இருந்த முதல் பிரதி இது:

“மழை தண்ணியோட எண்ணெய் வந்துச்சு. எங்க ஊர்ல கையால தடவி இறால் பிடிக்கிறவங்க ஆத்துல இறங்க முடியல. ஒரு வாரத்துல சரியாயிடும்னாங்க. பொங்கல் வரைக்கும் இறங்கலன்னு எங்க சித்தி சொன்னாங்க.”

இதைப் பிழைதிருத்தும் அளவுக்கு மட்டும் தொட்டால் ‘மழைத் தண்ணீரோடு’, ‘ஆற்றில் இறங்க முடியவில்லை’, ‘இறங்கவில்லை என்று எங்கள் சித்தி சொன்னார்’ என்று வரும். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவது பிழைதிருத்தமா என்று சிலர் கேட்பார்கள். என் கணக்கில் அதுவும் இந்தப் பக்கம்தான். சொல்லுக்குச் சொல் நேராக இருக்கிறது. திருத்தியதை மட்டும் கையில் கொடுத்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் திரும்பிப் போய்ச் சொல்ல முடியும்.

கருவியில் போட்டு எனக்கு அவர் அனுப்பியதோ இது: “கடந்த டிசம்பரில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவால் எண்ணூர் மீனவர்கள் வலைவீசி இறால் பிடிக்க இயலாமல், பல வாரங்கள் வாழ்வாதாரத்தை இழந்து தவித்தனர்.”

பார்த்தால் குறையே இல்லை. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கை போய் வலை வந்துவிட்டது. இறால் என்றால் வலை என்றுதான் எழுத்தில் அதிகம் வருகிறது, கையால் தடவிப் பிடிப்பது அபூர்வம், அதனால் கருவி வலையைப் போட்டுவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. கழிமுகச் சேற்றில் இறங்கித் தடவிப் பிடிக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் படகும் இல்லை, வலையும் இல்லை. படகையும் வலையையும் வைத்து இழப்பைக் கணக்கெடுத்தால் முதலில் விட்டுப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே அவர்கள் காணாமல் போனார்கள்.

சித்தியும் போய்விட்டார். பொங்கல் வரைக்கும் என்பது ஒருவர் சொன்ன தகவல். யார் சொன்னது என்று தெரிந்தால் நாளைக்கு அவரிடமே போய்க் கேட்கலாம். ‘பல வாரங்கள்’ என்பதை யாரிடம் போய்க் கேட்பது? ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று யாரோ சொன்ன வாக்கும் சேர்ந்து அழிந்துவிட்டது. இந்த வாக்கியத்திலிருந்து முதல் பிரதிக்கு யாராலும் திரும்பிப் போக முடியாது. நான் வைத்திருக்கிற சோதனை இதுதான்: திருத்தியதிலிருந்து பழையதுக்குத் திரும்ப முடிந்தால் அது பிழைதிருத்தம். முடியாவிட்டால் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது வகையில் திரும்பிப் போக இடமே கிடையாது. ‘எண்ணூர் எண்ணெய்க் கசிவு பற்றிக் கட்டுரை’ என்று கேட்டால் அலையாத்திக் காடு, கண்ணீர் மல்கும் பெண்கள், யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு எண்ணிக்கை என்று எல்லாம் வரும். அதில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எது உண்மை என்று பெயர் போட்டவருக்கே தெரியாது.

அப்போ இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் ஆகாதா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். இந்த வேலைக்காக ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கருவி வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அதைவிட முக்கியம், அந்த வகை மென்பொருள் கடைசிப் பிரதியை மட்டும்தான் பார்க்கும். கை எப்போது வலையானது என்று அதற்கு எப்படித் தெரியும்? முதல் பிரதியும் கடைசிப் பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். வேர்டில் Compare என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டையும் தட்டச்சு செய்து கொடுத்தால் மாறிய இடங்களைக் குறித்துக் காட்டும். அங்கங்கே ஒரு எழுத்து, ஒரு விகுதி மாறியிருந்தால் பிழைதிருத்தம். வரி முழுக்க அடித்து எழுதியதாகக் காட்டினால் அது மாற்றி எழுதியது. அப்போது ஐந்து விஷயங்களை மட்டும் தேடுங்கள்: யார், எங்கே, எப்போது, எவ்வளவு, யார் சொன்னது. பெரும்பாலும் நழுவுவது இவைதான்.

இதில் நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் எழுத்து வராத பெரியவர்கள், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்தக் கருவி இருந்தால்தான் அதிகாரிக்கு மனுவே எழுத முடிகிறது. அதைத் தடுக்க எனக்கு மனசு வராது, தடுக்கவும் கூடாது. ஆனால் எழுதி முடித்ததை, சொன்னவருக்கு ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அந்த மாணவியின் சித்திக்கு அப்படிப் படித்துக் காட்டினோம். “எங்கிட்ட ஏதும்மா வலை?” என்று உடனே கேட்டார்.

அந்தக் கட்டுரையை முதல் பிரதியிலிருந்து எடுத்து, ஒற்றும் விகுதியும் மட்டும் சரிசெய்து போட்டோம். அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் எந்தக் கருவியை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், கூடவே முதல் பிரதியையும் அனுப்புங்கள். நோட்டுப் பக்கத்தின் போட்டோ போதும். எழுத வராது என்றால் வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள், தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.