வரிசையில் நின்றவர்கள் முட்டாள்களா?

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "வெட்டவெளியில் தோளோடு தோள் உரசி நின்று குண்டடி பட்டுச் சாகிறார்களே, இவர்களுக்கு மூளையே இல்லையா?" கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்கள் அப்படி நின்றதற்குக் காரணம் கையில் இருந்த மஸ்கெட் துப்பாக்கி. அதைவிட முக்கியமாக, அதன் முனையில் மாட்டிய பயனெட் கத்தி.

மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. சீக்கிரம் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகக் குண்டைக் குழலைவிடச் சற்றுச் சிறிதாக வார்ப்பார்கள். அதனால் அது நேராகப் போகாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைப்பது வீண். நூறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் சுட்டால்தான் எதிரே ஆட்கள் விழுவார்கள். பயிற்சி பெற்றவராலும் நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். அதாவது ஒருமுறை சுட்டுவிட்டால் இருபது விநாடிக்கு அவர் கையில் இருப்பது வெறும் தடி.

அந்த இருபது விநாடியின் விலையை 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் பார்க்கலாம். அங்கே மலைநாட்டுக் கிளர்ச்சிப் படையை எதிர்த்து நின்ற அரசுப் படையின் ஜெனரல் மக்காயின் வீரர்களிடம் இருந்த பயனெட்டின் பிடியைத் தக்கைபோலக் குழல் வாயிலேயே செருக வேண்டும். செருகிவிட்டால் சுட முடியாது. மலைநாட்டுப் படை சரிவில் வாளோடு பாய்ந்து வந்தது. இவர்கள் சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுவதற்குள் வாள் மேலே விழுந்துவிட்டது. சில நிமிடங்களில் படை சிதறியது.

பிறகு வந்த பயனெட்டின் அடியில் ஒரு சிறு குழாய் இருந்தது. அது துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தில் வளையல்போல ஏறிப் பூட்டிக்கொள்ளும். அலகு ஒரு பக்கமாக விலகி நிற்கும். கத்தி மாட்டியபடியே சுடலாம், வெடிமருந்தும் இடிக்கலாம். அதுவரை சுடுபவர்களைக் காத்து நின்ற நீண்ட ஈட்டிக்காரர்களுக்கு இனி வேலை இல்லை. எல்லோரும் சுடுபவர்களானார்கள். நான்கைந்து வரிசை ஆழம் மூன்றாகக் குறைய, அணி பக்கவாட்டில் நீண்டது. பிரிட்டிஷ் பட்டாலியன்கள் சிறு பிளாட்டூன்களாகப் பிரிந்து முறைவைத்துச் சுட்டன. சிலர் மருந்து இடிக்கும்போது மற்றவர்கள் குண்டேற்றித் தயாராக நின்றார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. 1746 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் மீண்டும் ஒரு மலைநாட்டுப் படை எதிரே நின்றபோது, மழைக்காற்று பிரிட்டிஷ் வீரர்களின் முகத்தில் அறைந்து மருந்தை நனைத்தது. பல துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. பிரிட்டிஷ் காலாட்படையில் பெரும்பகுதி ஓடியது.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 16, ஸ்காட்லாந்தின் கலோடன். அதே மலைநாட்டு எதிரியின் இடக்கையில் கேடயம், வலக்கையில் ஓங்கிய வாள். அதனால் எதிரே நிற்பவனை விட்டுவிட்டு, வலப்பக்கத்துத் தோழன்மேல் பாய்பவனின் தூக்கிய கைக்குக் கீழே குத்தத் தன் வீரர்களைப் பழக்கியிருந்தார் பிரிட்டிஷ் தளபதி கம்பர்லாண்ட் கோமகன். பக்கத்து வீரன் என்னைக் காப்பான் என்று நம்பித் தனக்கு முன்னால் வரும் வாளை விட்டுவிடுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அப்படியும் பிரிட்டிஷ் அணியின் இடப்பக்கத்தில் பாரலின் படைப்பிரிவைப் பிளந்துகொண்டு எதிரிகள் உள்ளே வந்துவிட்டார்கள். பின்னால் இருந்த இரண்டாம் அணி முன்னேறி, அவர்களை அருகிலிருந்தே சுட்டு வீழ்த்தியது.